உப்பைக் குறைத்த வீட்டில் ஏறிய பிரஷர்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் கோவையில் ஒரு பொதுநல மருத்துவருடன் சேர்ந்து பணிபுரியும் உணவியல் ஆலோசகர். உடற்பயிற்சிக்காகப் புரத உணவுக்கு மாறிய ஒருவருக்கு, எடை குறைந்துகொண்டே வந்தபோது ரத்த அழுத்தம் மட்டும் ஏறியது. ஏன் ஏறியது, எப்படிக் கண்டுபிடித்தோம், எங்கே தவறினோம் என்பதை அவருடைய சம்மதத்துடன் இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அவருக்கு வயது 46. கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரை முதல் இரவு ஏழு வரை நாற்காலிதான். ஜனவரியில் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எடை 84 கிலோ, ரத்த அழுத்தம் 128/82. அப்பாவுக்கு ஐம்பது வயதில் பிரஷர் வந்தது நினைவுக்கு வரவே, அந்த மாதமே ஜிம்மில் சேர்ந்தார். வாரம் ஆறு நாள், காலையில் ஒரு மணி நேரம், பெரும்பாலும் எடைப் பயிற்சி.

ஜிம் மாஸ்டர் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலில் நாளுக்கு 150 கிராம் புரதம் இருந்தது. முட்டை, கோழி நெஞ்சுக்கறி, வே புரோட்டீன், பனீர் எல்லாம் உள்ளே வந்தன. சோறு, சாம்பார், பொரியல், வாழைப்பழம், சுண்டல் எல்லாம் "கார்ப்" என்ற பெயரில் வெளியே போயின. ஜூன் நடுவில் எடை 78 கிலோ. இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது.

பொதுவாக ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அழுத்தம் ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும். இவருக்கு ஆறு கிலோ குறைந்திருந்தது. ஆனால் ஜூன் மாத முகாமில் வந்த அளவு 148/94. பின்மண்டையில் லேசான வலியும் இருந்தது. வீட்டுக் கருவியில் ஒருநாள் 158/100 காட்டியதும் பயந்துபோய் மனைவியோடு வந்தார்.

வந்து உட்கார்ந்ததும் மனைவி சொன்ன முதல் வாக்கியம் இது: "வீட்ல உப்பையே பாதியா குறைச்சுட்டோமுங்க மேடம். ஊறுகாயைக் கூடக் கண்ல காட்டறதில்லை. அப்புறம் எப்படிங்க ஏறும்?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சமையல் உப்பைக் குறைத்தது உண்மைதான். அந்த உண்மையே எங்களைக் கொஞ்ச நாள் வேறு பக்கம் திருப்பிவிட்டது.

முதலில் அளவே சரிதானா

மருத்துவர் முதலில் பார்த்தது அவருடைய மேற்கையை. ஆறு மாத எடைப் பயிற்சியில் கையின் சுற்றளவு 35 செ.மீ. ஆகியிருந்தது. வீட்டுக் கருவியோடு வந்த கைப்பட்டையிலேயே 22 முதல் 32 செ.மீ. வரை என்று அச்சிட்டிருந்தது. பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமரவைத்து, கையை மேசையில் இதயத்தின் மட்டத்துக்கு வைத்து, இரண்டு பட்டையிலும் அளந்தோம். சாதாரணப் பட்டையில் 153/96, பெரிய பட்டையில் 146/92.

அந்த 158/100 வந்தது எப்போது என்று கேட்டால், ஜிம்மிலிருந்து வந்து காபி குடித்த கையோடு அளந்திருக்கிறார். அந்த நேரத்து அளவுக்கு எந்த மதிப்பும் இல்லை.

பெரிய பட்டை வாங்கச் சொல்லி, ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எழுதச் சொன்னோம். காலையில் காபிக்கும் ஜிம்முக்கும் முன்பு. முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரி 142/90. வீட்டில் அளக்கும்போது 135/85-க்கு மேல் போனால் உயர் ரத்த அழுத்தம் என்று கொள்கிறோம். ஆக, ஏற்றம் உண்மைதான். பயந்த அளவுக்கு இல்லை, அவ்வளவே.

உணவுக் குறிப்பில் கண்டது

மூன்று நாள் உணவை எழுதி வரச் சொன்னேன். பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். கூடவே ஜிம்முக்குக் கொண்டுபோகும் பாட்டிலையும் கேட்டேன்.

பாட்டிலில் இருந்தது எலுமிச்சையும் இந்துப்பும் கலந்த தண்ணீர். பயிற்சிக்கு முன் உப்புத் தண்ணீர் குடித்தால் தசை நன்றாக "பம்ப்" ஆகும், வியர்வையில் போன உப்பும் திரும்பும் என்று ஜிம்மில் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண உப்பு வேண்டாம் என்று இந்துப்புக்கு மாறியது அவருடைய சொந்த முடிவு. "இந்துப்புல பொட்டாசியம்தானுங்களே அதிகம்? அது பிரஷரை ஏத்தாதுன்னு சொன்னாங்க" என்றார். எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அரை ஸ்பூன் என்றார்.

அந்த ஸ்பூனை அடுத்த முறை எடுத்துவரச் சொல்லி, எங்கள் சமையல் தராசில் அவர் கையாலேயே போடச் சொன்னேன். கைப்பழக்கத்தில் லேசாகக் குவித்துப் போட்டார். தராசு 5.2 கிராம் காட்டியது. அவர் "அரை" என்று நினைத்தது, பெரிய ஸ்பூனில் பாதியை. அளவு டீஸ்பூனில் அது ஒரு முழு டீஸ்பூன்.

இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான். அதன் நிறத்துக்குக் காரணமான தாதுக்கள் மிகச் சிறிய அளவிலேயே உள்ளன. அந்த 5.2 கிராமில் சோடியம் சுமார் 2,000 மில்லிகிராம். பொட்டாசியம் இருபது மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு வாழைப்பழத்தில் அதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரு நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பே 2,000 மில்லிகிராம் சோடியம்தான். காலை ஏழு மணிக்குள் அந்த வரம்பை இவர் பாட்டிலிலேயே முடித்துவிடுகிறார்.

மீதியும் அப்படித்தான் வந்தது. காலையில் ஆறு வெள்ளைக்கருவும் இரண்டு முழு முட்டையும் சேர்த்த ஆம்லெட். முட்டையின் வெள்ளைக்கருவிலேயே இயல்பாக சோடியம் உண்டு, ஒன்றுக்கு 55 மில்லிகிராம். அதன் மேல் இரண்டு சீஸ் துண்டு, ஒரு சிட்டிகை என்று போடும் ஒரு கிராம் உப்பு. எல்லாம் சேர்ந்து 1,350. மதியம் வேகவைத்த கோழியில் உப்பே கிடையாது, உண்மைதான். ஆனால் சப்பென்று இருக்கிறதே என்று ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் ஊற்றிக்கொள்வார். அதில் மட்டும் 900. இரவில் மசாலா தடவி உறையவைத்து விற்கும் கோழித் துண்டுகள் 200 கிராம், பாக்கெட் கணக்குப்படி 960. வே புரோட்டீன் இரண்டு கரண்டி, மாலையில் ஒரு புரோட்டீன் பார் என்று மீதி. கூட்டினால் 5,800 மில்லிகிராம். உப்பாகச் சொன்னால் பதினாலரை கிராம்.

இதில் வீட்டுச் சமையலின் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. மனைவி குறைத்த உப்பு குழம்பில் இருந்தது. அவர் கணவர் அந்தக் குழம்பையே சாப்பிடுவதில்லை.

பொட்டாசியம் பக்கம் இதற்கு நேர் எதிர். அதன் நாளளவு 3,500 மில்லிகிராம். நம் ஊர்ச் சாப்பாட்டில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பருப்பு, பயறு, கீரை, வாழைப்பழம், மோர், இளநீர். பட்டியலில் அடித்துவிடப்பட்டவை எல்லாம் இவைதான். கோழியிலும் பொட்டாசியம் உண்டு, நூறு கிராமுக்கு முந்நூற்றுச் சொச்சம். ஆனால் அவர்கள் கோழியைத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். பொட்டாசியம் தண்ணீரில் கரைவது, கணிசமான பங்கு அதோடு போய்விடும்.

சிறுநீர்ச் சோதனை, இரண்டு முறை

உணவுக் குறிப்பை மட்டும் நம்பி முடிவெடுக்க எனக்குத் தயக்கம் இருந்தது. சாப்பிடும் சோடியத்தில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் சிறுநீரில் வெளியேறும். அதனால் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்து அளப்பதுதான் நம்பகமான வழி. மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

முதல் முறை அது கெட்டுப்போனது. தசையிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உருவாகிச் சிறுநீரில் போகும் கழிவு கிரியாட்டினின். சிறுநீரில் அன்று முழுவதும் வந்தது 900 மில்லிகிராம்தான். இவ்வளவு தசையுள்ள 78 கிலோ ஆணுக்கு அது 1,500-க்கு மேல் இருக்கவேண்டும். விசாரித்தால், அலுவலகத்தில் இரண்டு முறை கேனில் பிடிக்காமல் விட்டிருக்கிறார். சகப் பணியாளர்கள் மத்தியில் கேனைத் தூக்கிக்கொண்டு போகக் கூச்சம். அதை முன்கூட்டியே நான் யோசித்திருக்கவேண்டும். ஞாயிறு அன்று ஜிம் விடுமுறை, பாட்டில் கிடையாது. அதனால் அன்று எடுத்தாலும் பயனில்லை. ஜிம் திறந்திருந்த ஓர் அரசு விடுமுறை நாளில் மறுபடி எடுத்தோம்.

இந்த முறை கிரியாட்டினின் 1,700, சேகரிப்பு முழுமையானது. சோடியம் 225 மில்லிமோல், அதாவது 5,175 மில்லிகிராம். தொண்ணூறு சதவீதக் கணக்கில் உட்கொண்டது 5,750. உணவுக் குறிப்பில் வந்த 5,800-க்கு மிக அருகில். பொட்டாசியம் 42 மில்லிமோல், 1,640 மில்லிகிராம். பொட்டாசியத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் சிறுநீரில் வரும் என்பதால், உட்கொண்டது சுமார் 2,100. சிறுநீரில் வந்த மில்லிமோல் கணக்கில் பார்த்தால், ஒரு பங்கு பொட்டாசியத்துக்கு ஐந்து பங்குக்கு மேல் சோடியம்.

ரத்தத்தில் பொட்டாசியம் 4.1 என்று இயல்பாகவே இருந்தது. "ரத்தத்துல சரியாத்தானுங்க இருக்கு?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ரத்தத்தின் அளவை உடல் குறுகிய வரம்புக்குள் எப்பாடுபட்டாவது நிறுத்திவைக்கும். அந்த நிறுத்திவைப்புக்கு ஒரு விலை உண்டு. சிறுநீரகத்தின் நுண்குழாயில் சோடியத்தை மறுபடி உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு வாசல் இருக்கிறது. பொட்டாசியம் வரத்து குறைந்தால், இருக்கும் பொட்டாசியத்தை வெளியே விடாமல் காப்பதற்காகச் சிறுநீரகம் அந்த வாசலை அகலத் திறக்கிறது. சோடியம் உள்ளே தங்குகிறது, கூடவே நீரும். பிரஷருக்குக் கொடுக்கும் தையசைடு மாத்திரைகள் அடைப்பது இதே வாசலைத்தான். இவருடைய உணவு அதைத் திறந்துவைத்துவிட்டு, பாட்டிலில் சோடியத்தையும் ஊற்றிக்கொண்டிருந்தது.

சிறுநீரகம் குறித்த ஒரு தவறான பயம்

ரத்தத்தில் கிரியாட்டினின் 1.3 இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிதிறன் 68 என்று வரும், இந்த வயதுக்குக் குறைவு. புரதம்தான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

ஆனால் இவர் நாளுக்கு ஐந்து கிராம் கிரியாட்டின் பொடி எடுத்துவந்தார். கிரியாட்டின் உடலில் கிரியாட்டினினாக மாறும். தசை கூடினாலும் அது கூடும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் உயர்ந்து தெரியலாம். இதைப் பிரித்தறிய சிஸ்டாட்டின்-சி என்ற சோதனை உண்டு, அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. அது 0.88, இயல்பு. சிறுநீரில் ஆல்புமின் கசிவும் இல்லை. இசிஜியும் சரியாக இருந்தது.

இந்தச் சோதனையை மருத்துவர் வலியுறுத்தியதற்கு வலுவான காரணம் இருந்தது. பொட்டாசியத்தைக் கூட்டப்போகிறோம் என்றால் அதை வெளியேற்றும் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்பது உறுதியாகத் தெரியவேண்டும். அது தெரியாமல் இளநீரும் கீரையும் குவிப்பது ஆபத்து.

தாமதமாகத் தெரிந்த ஒன்று

முதல் சந்திப்பிலேயே "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தேன். இல்லை என்றார். மூன்றாவது சந்திப்பில், தோளைப் பிடித்துக்கொண்டே பேசியதைப் பார்த்து, வலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மருந்துக் கடையில் வாங்கி இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், வாரத்தில் நான்கு நாள், மார்ச் மாதத்திலிருந்து. அவர் மறைக்கவில்லை. வலி மாத்திரையை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகம் சோடியத்தையும் நீரையும் வெளியேற்றுவதைக் குறைத்து ரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. பொட்டாசியம் வெளியேறுவதையும் குறைக்கின்றன. ஆக, நாங்கள் தேடிய காரணத்தில் ஒரு பங்கு அதுவும்தான். அதை நிறுத்தாமல் பொட்டாசியத்தைக் கூட்டியிருந்தால் இன்னொரு சிக்கலையும் உண்டாக்கியிருப்போம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாத்திரை உடனே தொடங்கவேண்டுமா என்பது முதல் கேள்வி. சராசரி 142/90, சர்க்கரை இல்லை, உறுப்புப் பாதிப்பு இல்லை, மாற்றக்கூடிய காரணங்கள் கண்முன்னே தெளிவாக இருக்கின்றன. எட்டு வாரம் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். இடையில் சராசரி 150-ஐத் தாண்டினாலோ, நெஞ்சுவலி, பார்வை மங்கல் போல எதுவும் வந்தாலோ காத்திருக்கக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது கேள்வி, பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு. அவரே ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் 21,000 பேர் வரை பங்கேற்ற, 2021-ல் வெளியான ஆய்வில், முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் சுமார் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை.

நான் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய அம்மாவுக்கு வயது 72. இருபது வருடச் சர்க்கரை, சிறுநீரகத் திறன் குறைந்து டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். பொட்டாசியம் அதிகமுள்ள உணவை அளவோடு வைக்கச் சொல்லி அவருடைய மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். டெல்மிசார்டன் தானும் பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் மருந்து. ஒரே உப்பு ஜாடியிலிருந்து சமைக்கும் வீட்டில் அந்த உப்பு நுழைந்தால், மகனுக்கு நன்மை செய்வதற்கு முன் அம்மாவின் இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்துவிடக்கூடும். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பொட்டாசியம் அவர் தட்டுக்கு மட்டும், உணவாக வரட்டும் என்று முடிவு செய்தோம்.

மாற்றங்களைப் பெரியதிலிருந்து தொடங்கினோம். வலி மாத்திரையும் பாட்டில் உப்பும் முதல் நாளே நின்றன. உப்பு போனால் தெம்பு போய்விடும் என்று அவர் தயங்கியதால், ஜிம்முக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னேன். 78.2 கிலோ 77.9 ஆனது, இடையில் குடித்த வெறும் தண்ணீர் 200 மி.லி. ஆக வியர்வை அரை லிட்டர். வியர்வையின் உப்பு ஆளுக்கு ஆள் மாறும். லிட்டருக்கு ஒரு கிராம் சோடியம் என்று கொண்டால் அவர் இழந்தது 500 மில்லிகிராம். திருப்பிப் போட்டது 2,000. இந்தக் கணக்கைத் தன் எடையிலேயே பார்த்ததும் அதற்கு மேல் விவாதம் இல்லை.

அடுத்து சாஸ், சீஸ், உறைகோழி. இங்கே சுவையை விட்டுக்கொடுக்கச் சொன்னால் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்பது என் அனுபவம். பச்சைக் கோழியை வாங்கித் தயிர், இஞ்சி பூண்டு, மிளகு, எலுமிச்சை, மிளகாய்த்தூள் சேர்த்து அரைக் கிலோவுக்கு அளவு டீஸ்பூனில் கால் பங்கு உப்பு போட்டு ஊறவைக்கச் சொன்னேன். புளிப்பும் காரமும் உப்பின் குறையைப் பெருமளவு மறைத்துவிடும். மதியக் கோழியை வேகவைத்துக் கொட்டுவதற்குப் பதில் மிளகுக் குழம்பாக்கி, அந்தச் சாற்றோடு சாப்பிடச் சொன்னேன்.

பிறகுதான் பொட்டாசியம். 50 கிராம் பச்சைப் பயறு ஊறவைத்து மாலைச் சுண்டல், அதில் 600 மில்லிகிராம் பொட்டாசியமும் 12 கிராம் புரதமும். புரோட்டீன் பாரின் இடத்துக்கு அது வந்தது. மதியம் ஒரு கிண்ணம் கீரை, காலை ஒரு வாழைப்பழம், வாரத்தில் நான்கு நாள் பயிற்சி முடிந்ததும் இளநீர், இரவு உப்பில்லாத மோர். புரதத்தை 125 கிராமுக்குக் கொண்டுவந்தோம். கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கில் அவருடைய பயிற்சிக்கு அது போதும். புரதத்தின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இருக்கவில்லை. கூட வந்தவையும் வெளியே போனவையும்தான் பிரச்சினை.

எட்டு வாரங்களில் நடந்தவை

முதல் வாரத்திலேயே எடை 1.2 கிலோ இறங்கியது. மகிழ்வார் என்று நினைத்தேன், பதறிப்போய் அழைத்தார். தசை வற்றிவிட்டது, கண்ணாடியில் பார்த்தால் தட்டையாகத் தெரிகிறது என்றார். ஒரு வாரத்தில் தசை அவ்வளவு போகாது, தேங்கியிருந்த நீர்தான் என்பதை முன்னமே சொல்லி வைத்திருந்தால் அந்தப் பதற்றத்தைத் தவிர்த்திருக்கலாம். இரண்டாம் வார இறுதியில் வீட்டுச் சராசரி 136/87.

மூன்றாம் வாரம் ராத்திரியில் கெண்டைக்காலில் பிடிப்பு. உப்பை நிறுத்தியதால்தான் என்று ஜிம்மில் சொல்லிவிட்டார்கள், பாட்டில் திரும்பி வரும் நிலை. ரத்தத்தில் சோடியம் பார்த்தோம், 139, முற்றிலும் இயல்பு. முந்தின வாரம்தான் கால் பயிற்சியில் எடையை ஒரேயடியாகக் கூட்டியிருந்தார். அதைக் குறைத்து, படுக்கும் முன் காலை நீட்டி மடக்கிவிட்டதில் பத்து நாளில் சரியானது. அப்போதுதான் மாஸ்டரை நான் நேரில் போய்ப் பார்த்தேன். இளைஞர், பொறுமையாகக் கேட்டார். அதோடு ஒரு நல்ல கேள்வியும் கேட்டார்: "ஏசி ஓடாத அன்னிக்கு, ஆள் தொப்பலா நனைஞ்சா என்ன மேடம் பண்றது?" சரியான கேள்வி. எடை ஒரு கிலோவுக்கு மேல் இறங்கும் நாளில் மட்டும் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் என்று சேர்த்தோம். எட்டு வாரத்தில் அப்படி வந்தது இரண்டே நாள்.

வீட்டில் சுமை மனைவி மேல்தான் விழுந்தது. அம்மாவுக்குக் காயைத் துண்டாக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து ஒரு சமையல், கணவருக்குத் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு சமையல். ஒரே அடுப்பில், ஒரே காய்க்கு நேர் எதிரான இரண்டு முறைகள். காலையில் அது முடியவில்லை என்று சொன்னபோது, காயை இருவருக்கும் அம்மாவின் முறையிலேயே செய்துவிட்டு, இவருக்கான பொட்டாசியத்தைச் சுண்டல், பழம், இளநீர் என்று தனியாக எடுக்கக்கூடியவற்றுக்கு மாற்றினோம். கீரை வாரம் மூன்று நாளாகக் குறைந்தது.

ஏழாம் வாரம் ஆவணி முகூர்த்தம், இரண்டு நாள் கல்யாணச் சாப்பாடு. அப்பளம், ஊறுகாய், வற்றல் குழம்பு. மறுநாள் காலை 144/90. நான்கு நாளில் தானாக இறங்கியது.

எட்டாம் வார இறுதியில் வீட்டுச் சராசரி 128/82. சிறுநீரில் சோடியம் 118 மில்லிமோல், பொட்டாசியம் 70. உட்கொள்ளும் அளவாகச் சொன்னால் சோடியம் சுமார் 3,000, பொட்டாசியம் சுமார் 3,500 மில்லிகிராம். கிரியாட்டின் பொடியை நிறுத்தியிருந்ததால் ரத்தக் கிரியாட்டினின் 1.1-க்கு இறங்கியது. ரத்தப் பொட்டாசியம் 4.5. சோடியம் இன்னும் 2,000-க்குள் வரவில்லை. வெளியில் சாப்பிடும் நாட்கள் இருக்கும்வரை வருவது கடினம் என்றுதான் நினைக்கிறேன். மாத்திரை தொடங்கவில்லை.

ஆறாம் மாதத்தில் 126/81, எடை 76 கிலோ.

இந்த நிகழ்விலிருந்து எதைச் சொல்ல முடியாது

வலி மாத்திரையையும் பாட்டில் உப்பையும் ஒரே நாளில் நிறுத்தினோம். அதனால் இறங்கிய பதினாலு புள்ளியில் எது எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டே தொடரவிடுவது சரியாகப்படவில்லை. பயிற்சிக்கு முன் எடுத்துவந்த காஃபின் பொடியையும் இடையில் அவராகவே விட்டுவிட்டார். அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். அப்பாவுக்கு இருந்த பிரஷர் இவருக்கும் பிற்பாடு வரக்கூடும், மாத்திரை தேவைப்படவும் கூடும். அதை மருத்துவர் அவரிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

"மருந்து ஏதாவது?" என்று இப்போது கேட்பதில்லை. "உடம்பு வலிக்கு என்ன போடுவீங்க, எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்று கேட்கிறேன். ஜிம் பாட்டிலையும் ஸ்பூனையும் முதல் சந்திப்புக்கே எடுத்துவரச் சொல்கிறேன். சிறுநீர்ச் சோதனைக்கு இரண்டு கேன்களும், வெளியே தெரியாத ஒரு துணிப்பையும் கொடுக்கிறோம். ஒரே அடுப்பில் சாப்பிடும் எல்லோருடைய நோயையும் மாத்திரையையும் உணவுத் திட்டம் எழுதுவதற்கு முன்பே குறித்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் அந்தப் பாக்கெட் பிரிக்கப்படாமல் என் மேசைக்கு வந்தது தற்செயல்தான்.

சென்ற மாதம் அவர் கிரியாட்டின் பொடியை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டார். தடையில்லை என்றார் மருத்துவர். ஆனால் அடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே அவர் அதை எடுக்கிறார் என்று குறித்து, கூடவே சிஸ்டாட்டின்-சியும் எழுதியிருக்கிறார்.